1000 கொடுத்தால் 985-இல் நின்றுவிடும் ஃபில்டர்

மிதவைப் புள்ளி அலகு இல்லாத சிப்களுக்கான ஃபர்ம்வேர் என் பார்வைக்கு வரும்போது, சென்சார் அளவீட்டின் இரைச்சலைக் குறைக்கும் வரி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்:

```c
y += (x - y) >> 4;
```

ஏடிசி இப்போது தந்த எண் x. ஃபில்டரின் வெளியீடு y. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பதினாறில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் y-இல் சேர்க்கிறோம். கார்டெக்ஸ் எம்0 போன்ற சிப்பில் வகுத்தலுக்கும் வன்பொருள் கிடையாது. அதனால் வகுக்காமல் நான்கு பிட் வலப்பக்கம் நகர்த்துவது சரியான தேர்வே. ஆனால் இந்த வரி மெதுவாக ஒரு பொய் சொல்கிறது.

y பூஜ்யத்தில் இருக்க, x 1000-இல் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். y வேகமாக ஏறி 985-ஐ அடையும். இப்போது வித்தியாசம் 15. நான்கு பிட் நகர்த்தினால் 0. அதற்கு மேல் எத்தனை முறை ஓடினாலும் y அசையாது. மேலிருந்து இறங்கி வரும்போது கதை வேறு. y 1001 ஆனால் வித்தியாசம் -1. ஜிசிசி போன்ற கம்பைலர்களில் குறையெண்ணை வலப்பக்கம் நகர்த்தினால் விடை கீழ்நோக்கியே முழுமையாக்கப்படும். ஆகவே -1, -1-ஆகவே இருக்கும், y சரியாக 1000-க்கு வந்துவிடும். ஒரே வெப்பநிலைக்கு ஏறும்போது ஒரு விடை, இறங்கும்போது இன்னொரு விடை. நகர்த்தலுக்குப் பதில் `/ 16` என்று எழுதினால் இருபுறமும் சிக்கிக்கொள்ளும்: கீழே 985, மேலே 1015.

இந்த 15 அலகு எவ்வளவு பெரியது? எல்எம்35 வெப்பநிலை சென்சார் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். 3.3 வோல்ட் ஆதாரத்தில் 12 பிட் ஏடிசியின் ஓர் அலகு சுமார் 0.8 மில்லிவோல்ட். அப்படியென்றால் 15 அலகு என்பது 12 மில்லிவோல்ட், அதாவது 1.2 டிகிரி. 80 டிகிரியில், ஏடிசி கணக்கில் 993-இல், எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்று அமைத்திருந்தால், மெல்லச் சூடாகும் கருவி 81 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது ஒலிக்கும். சென்சாரைக் குறை சொல்லி அளவுத்திருத்தத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை சென்சாரில் இல்லை.

இரைச்சல் இருந்தால் y ஒரே இடத்தில் உறையாது. அதனால் பிழை கண்ணில் படாது, ஆனால் போய்விடாது. இரைச்சல் போதிய அளவு பெரிதாக இருந்தால், கீழ்நோக்கிய முழுமையாக்கத்தால் சராசரி ஏழரை அலகு குறைவாகவே நிற்கும்.

காரணம், ஒவ்வொரு முறையும் நகர்த்தலில் கீழே விழும் நான்கு பிட்களை நாம் தூக்கி எறிவதுதான். அவற்றை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தால் போதும். வெளியீட்டைச் சேமிக்காமல் அதன் 16 மடங்கைச் சேமிக்க வேண்டும்:

```c
s = s - (s >> 4) + x;
y = s >> 4;
```

முன்பு சிக்கிய இடத்துக்கே போய்ப் பார்ப்போம். y 985 என்றால் s 15760. அதிலிருந்து 985 கழித்து 1000 கூட்டினால் 15775. y இன்னும் 985தான், ஆனால் அந்த 15 காணாமல் போகவில்லை, s-க்குள் இருக்கிறது. அடுத்த சுற்றில் s 15790 ஆகும், y 986-க்கு ஏறும். இப்படியே 1000 வரை போய் நிற்கும். மேலிருந்து வந்தாலும் அதே 1000. இரைச்சல் இருந்தாலும், உள்ளே போகும் x-களின் சராசரியும் வெளியே கழியும் y-களின் சராசரியும் நீண்ட ஓட்டத்தில் ஒன்றாகிவிடும். இல்லையென்றால் s எல்லையின்றி வளரவோ தேயவோ வேண்டியிருக்கும். வெளியீட்டில் மட்டும் `+ 8` சேர்த்து முழுமையாக்க நினைக்காதீர்கள். இறங்கி வரும்போது s 16015-இல் நிற்கலாம், அதோடு 8 சேர்ந்தால் y 1001 ஆகிவிடும்.

s-இன் அகலத்தைக் கவனியுங்கள். 4095-ஐ 16-ஆல் பெருக்கினால் 65520, 16 பிட்டுக்குள் மயிரிழையில் அடங்கும். நகர்த்தலை 5 ஆக்கினால் 131040, அடங்காது. `uint32_t` வைத்துக்கொள்வதே நல்லது. கார்டெக்ஸ் எம்0-இல் அதற்குக் கூடுதல் செலவும் இல்லை. தொடக்கத்தில் முதல் அளவீட்டை 16-ஆல் பெருக்கி s-இல் போடுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் 63 சதவீதத்தை எட்டவே ஏறத்தாழ 16 அளவீடுகள் ஆகும்.

மேப் கோப்பில் `__aeabi_fmul` அல்லது `__aeabi_dmul` தென்பட்டால், எங்கோ மிதவைப் புள்ளிக் கணக்கு நுழைந்திருக்கிறது. `0.0625` என்று `f` இல்லாமல் எழுதிய ஒரு மாறிலி போதும், `float` கணக்கு முழுவதும் `double`-க்கு மாறிவிடும். `-Wdouble-promotion` அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஃபில்டரைச் சோதிக்கச் சிப்பே தேவையில்லை. அதே செயற்கூறைக் கணினியில் கம்பைல் செய்து, 0-இலிருந்து ஒரு மாறாத மதிப்புக்கும், 4095-இலிருந்து அதே மதிப்புக்கும் ஆயிரம் சுற்றுகள் ஓடவிட்டு இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். 0 முதல் 4095 வரை எல்லா மதிப்புகளுக்கும் இதைச் செய்யச் சில நொடிகூட ஆகாது. ஒன்றில் வித்தியாசம் வந்தாலும் பிட்கள் எங்கோ கீழே விழுகின்றன.