45 மணி நேரம் சரி, எந்த 45? சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் வேலைக் கடிதத்தைப் படிக்கும் முறை

கெடாவின் பாடாங் செராயில் விடியுமுன்பே தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள் அவை. ஒரு தலைமுறைக்கு முன் அதே இருட்டில் இதே குடும்பங்களின் பெண்கள் பிரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பால்மரம் வெட்டி முடித்து, பால் நிறுத்துக் கொடுத்து, மதியத்துக்கெல்லாம் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதுவரை கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருக்கும். கூலி குறைவு, பாடு அதிகம். ஆனால் வேலை நேரமும் பிள்ளை பார்க்கும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. இன்று சம்பளம் கூடியிருக்கிறது. அந்தப் பொருத்தத்தை மட்டும் நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் தேடலில் 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதைப் பார்ப்போம். இது தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரிய சட்டம். இதில் செய்யப்பட்ட பெரிய திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

கணக்குப் போட ஒரு குடும்பம் வேண்டும். மூத்தவனுக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. இளையவளுக்கு இரண்டரை வயது. தந்தை லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி இரவுகள் வீட்டில் இருக்கமாட்டார். பாட்டி வெளியூரில். தாய்க்கு இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று தொழிற்சாலையில்: அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட், ஷிப்ட் படியும் வருகைப் படியும் சேர்ந்து இன்னொரு 350. மற்றொன்று பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் உதவியாளர் வேலை: 1,750 ரிங்கிட். 1,700 என்பது 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் என்பதால் இரண்டுமே அந்த வகையில் சட்டத்துக்குள் இருக்கின்றன. மற்ற தொகைகளையும் நேரங்களையும் உதாரணத்துக்காகவே வைத்துக்கொள்கிறேன்.

தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட்: காலை 7 முதல் 3 வரை, 3 முதல் இரவு 11 வரை, 11 முதல் காலை 7 வரை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும், வாரம் ஆறு நாள். ஒரு நாளில் அரை மணி ஓய்வு போக ஏழரை மணி நேரம், ஆறு நாளுக்கு 45 மணி. வாரத்துக்கு 45 மணிதான் சட்டத்தின் உச்ச வரம்பு. 2023க்கு முன் அது 48 ஆக இருந்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்ற விதியும் நிறைவேறுகிறது. சட்டப்படி இந்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் சட்டம் எத்தனை மணி என்று எண்ணுகிறதே தவிர, எந்த மணி என்று கேட்பதில்லை. காலை ஷிப்ட் வாரத்தில் பஸ் 6 மணிக்கு; இளையவளைப் பார்த்துக்கொள்ளும் தாஸ்கா திறப்பது 7 மணிக்கு. மதிய ஷிப்ட் வாரத்தில் அவர் வீடு திரும்ப நள்ளிரவாகும். தாஸ்கா 6 மணிக்கே மூடிவிடும். இரவு ஷிப்ட் வாரத்தில் இரவெல்லாம் பிள்ளைகளோடு யார்? தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் பெண்களை இரவு வேலைக்கு வைப்பதைத் தடுத்த பழைய பிரிவு, அதே 2023 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. பெண்களுக்கு வேலை வாய்ப்பு குறையக் கூடாது என்பது அதன் நோக்கம், நியாயமான நோக்கமும்கூட. ஆயினும் "பெண்களை இரவில் போட மாட்டார்கள்" என்று பழைய நினைப்பில் கையெழுத்துப் போடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கடிதத்தில் "நிர்வாகம் தீர்மானிக்கும் எந்த ஷிப்டிலும்" என்ற வரி இருந்தால், எந்த ஷிப்டிலும் என்பதுதான் அதன் பொருள்.

பஸ் நேரத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 60 மணி அவர் வீட்டில் இல்லை. செலவைப் பாருங்கள். தாஸ்காவுக்கு 350, தாஸ்கா மூடியிருக்கும் நேரத்தில் இரு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 300. 2,050இல் மிஞ்சுவது 1,400.

கிளினிக்கில் காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. சனிக்கிழமை 1 மணி வரை. ஞாயிறு ஓய்வு. மொத்தம் 44 மணி. போக்குவரத்தோடு சேர்த்து வாரத்துக்கு 52 மணிதான் வெளியே. தாஸ்காவுக்கு 350, மூத்தவன் பள்ளி முடிந்து போகும் டிரான்சிட்டுக்கு 150. கைக்கு 1,250. தொழிற்சாலையைவிட 150 ரிங்கிட் குறைவு. வாரத்துக்கு எட்டு மணி நேரம் மிச்சம்.

இது நல்ல வேலையாகத் தெரிகிறது. ஆனால் கெடாவில் பள்ளி வார விடுமுறை வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும். ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாய்க்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் பிள்ளை வீட்டில் இல்லை. பிள்ளை வீட்டில் இருக்கும் வெள்ளிக்கிழமை தாய் கிளினிக்கில். பேராக்கிலோ சிலாங்கூரிலோ இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும் என்பது சட்டம். அது எந்த நாள் என்று முடிவு செய்வது முதலாளி. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிளினிக் மூடுவது 6 மணி, தாஸ்கா மூடுவதும் 6 மணி. கடைசி நோயாளி போகும்வரை நிற்க வேண்டும் என்றால் தினமும் தாமதம். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு வேலை நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் சட்டப்படி உண்டு. ஆனால் தாஸ்கா வாசலில் அழுதுகொண்டு நிற்கும் குழந்தைக்கு அந்தப் பணம் பதில் ஆகாது.

இங்கேதான் 2023இல் வந்த 60P, 60Q பிரிவுகள் பயன்படும். வேலை நேரத்தையோ, வேலை நாட்களையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கேட்பது உரிமை, கிடைப்பது உரிமையில்லை. பதிலே தராவிட்டாலோ, காரணம் எழுதாமல் மறுத்தாலோ தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். எழுதிய காரணம் சரியா தவறா என்று எடைபோட்டு முதலாளியைச் சம்மதிக்க வைக்கும் வழி இந்தப் பிரிவுகளில் இல்லை.

அதனால் மறுக்கக் கடினமான விண்ணப்பமாக எழுத வேண்டும். "பிள்ளைகள் சிறியவர்கள், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதினால் பரிதாபம் கிடைக்கலாம், மாற்றம் கிடைக்காது. இந்தத் தாய் கேட்க வேண்டியவை இரண்டு. ஓய்வு நாள் ஞாயிறுக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை. கிளினிக் எல்லா நாளும் திறந்திருக்கிறது, ஞாயிறு ஓய்வை விரும்பும் வேறு ஊழியர் இருக்கவும் கூடும். அடுத்து, சாப்பாட்டு இடைவேளையை ஒரு மணியிலிருந்து அரை மணியாகக் குறைத்து, 5.30க்குப் புறப்பட அனுமதி. அரை மணி இடைவேளை சட்டத்தின் குறைந்தபட்ச அளவு, எனவே விதி மீறல் இல்லை. மொத்த வேலை நேரமும் 44 மணியாகவே இருக்கிறது, முதலாளிக்கு ஒரு நிமிடமும் நட்டமில்லை. இதைக் கடிதத்திலேயே கணக்காக எழுதிவிட வேண்டும். 5.30க்கு மேல் முன்மேசையை யார் பார்ப்பது என்ற கேள்வி நிச்சயம் வரும். சக ஊழியரிடம் முன்பே பேசி அதற்கும் ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. தேதி போட்டு, ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

60 நாள் என்பது இரண்டு மாதம். அதுவும் வேலையில் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால்தான் அந்தக் கணக்கே தொடங்குகிறது. இதே இரண்டையும் நேர்முகத் தேர்வில் கேட்டு, வேலைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுவது என் பார்வையில் மேல். "சேருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால், அது இல்லை என்பதன் மரியாதையான வடிவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுப்புக்கு வருவோம். இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள், ஐந்து ஆண்டுவரை 12, அதற்கு மேல் 16. மருத்துவ விடுப்பு 14இல் தொடங்குகிறது. ஆனால் அது தொழிலாளருடைய சொந்த நோய்க்கு மட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இந்தச் சட்டத்தில் தனி விடுப்பு எதுவும் இல்லை. அவசர விடுப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலான இடங்களில் ஆண்டு விடுப்பிலிருந்துதான் கழியும். தாஸ்காவுக்குப் போகத் தொடங்கும் இரண்டரை வயதுக் குழந்தைக்குக் கை, கால், வாய் நோய் ஒருமுறை வந்தால், ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் வைத்திருக்க வேண்டிவரும். முதல் ஆண்டின் 8 நாளும் அதிலேயே போய்விடும்.

எனவே வேலைக்குமுன் கேட்க வேண்டியவற்றில் முக்கியமானது இது: விடுப்பு தீர்ந்த பின் பிள்ளை நோயுற்றால் சம்பளமில்லா விடுப்பு தருவீர்களா, அதற்கு வருகைப் படி கழியுமா? தொழிற்சாலையின் அந்த 350 ரிங்கிட்டில் பெரும்பகுதி வருகைப் படியாக இருந்து, ஒரு நாள் வராவிட்டாலும் முழுவதும் போகும் என்றால், இரு வேலைகளுக்கும் இடையிலிருந்த 150 ரிங்கிட் வித்தியாசம் அந்த மாதம் காணாமல் போகும். எப்படியானாலும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். அனுமதியும் தகுந்த காரணமும் தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகிறார். காலையிலேயே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொரு பிள்ளைக்குத் திட்டமிடுபவர்கள் வேலை மாறும் தேதியையும் பார்க்க வேண்டும். பிரசவ விடுப்பு 98 நாள். ஆனால் அதற்குரிய ஊதியம் பெற, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். தந்தைக்கு 7 நாள் உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் முடிந்திருக்க வேண்டும்.

தாஸ்காவையும் வேலையைப் போலவே பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணம் வாங்கிப் பார்க்கும் எந்த இடமும் சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழைச் சுவரில் தேடுங்கள். ஒரு வயது முதல் மூன்று வயதுவரை உள்ள ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. மதியம் இரண்டு மணிக்குச் சொல்லாமல் போய் எண்ணிப் பாருங்கள். காலையில் எல்லா இடமும் ஒழுங்காகத்தான் தெரியும். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமானால் எவ்வளவு கட்டணம், வெள்ளிக்கிழமை திறப்பீர்களா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு, அதன் பிறகு கிளினிக்கின் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.