நிஃப்டி 460 புள்ளி விழுந்த நாளில் ஒரு வங்கிப் பங்கு செய்த வேலை

2024 ஜனவரி 17, புதன்கிழமை. மாலை நாலு மணி இருக்கும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். என்னிடம் ஐந்தாறு வருஷமாக மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வருபவர். "தம்பி, நிஃப்டி ஒரே நாள்ல 460 பாயின்ட் போயிருச்சாம். நாட்டுல என்ன ஆச்சு? எல்லா கம்பெனியும் விழுந்துருச்சா?" என்றார். குரலில் பதற்றம் தெரிந்தது.

எல்லாக் கம்பெனியும் விழவில்லை. அன்றைக்கு ஐடி பங்குகள் சில ஏறியே முடிந்தன. முந்தைய நாள் மாலை எச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவு வந்திருந்தது, சந்தைக்கு அது பிடிக்கவில்லை. 1,679 ரூபாயில் இருந்த பங்கு சுமார் 1,537க்கு இறங்கியது. ஏறக்குறைய எட்டரை சதவீதம். நிஃப்டி என்ற ஐம்பது பங்குகளின் பட்டியலில் ஒரு பங்கு எட்டரை சதவீதம் விழுந்தால் மொத்தக் குறியீடு எதற்கு இவ்வளவு ஆட வேண்டும் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. அன்று அவருக்குப் போனிலேயே போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன். காகிதமும் பேனாவும் போதும்.

முந்தைய நாள் நிஃப்டி முடிந்தது 22,032 புள்ளியில். அப்போது நிஃப்டியில் எச்டிஎஃப்சி வங்கியின் வெயிட்டேஜ் சுமார் 13 சதவீதம். அந்த 22,032 புள்ளிகளை ஒரு குவியலாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 13 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,860 புள்ளிகள் இந்த ஒரு வங்கிக்குச் சொந்தம். அந்த 2,860இல் எட்டரை சதவீதம் கரைந்தால் 243 புள்ளி போகும். மொத்தச் சரிவு 460. பாதிக்கும் மேலே ஒரே பங்கு. மிச்சம் 217 புள்ளி மற்ற 49 பங்குகளுடையது. அவற்றின் குவியல் 19,170 புள்ளி. சராசரியாகப் பார்த்தால் அவை ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே இறங்கியிருக்கின்றன, அதிலும் பிற வங்கிப் பங்குகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சாதாரணமான ஒரு மோசமான நாள், அவ்வளவுதான்.

ஐம்பது பங்குக்கும் சமமாக ஆளுக்கு இரண்டு சதவீதம் கொடுத்திருந்தால் இதே வங்கியின் குவியல் 441 புள்ளியாக இருந்திருக்கும். எட்டரை சதவீத வீழ்ச்சி 37 புள்ளியோடு முடிந்திருக்கும்.

அந்த 13 சதவீதம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பங்கின் விலைக்கும் வெயிட்டேஜுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. "1,600 ரூபாய் பங்குக்கு இவ்வளவு பலமா? மாருதி பத்தாயிரம் ரூபாய் ஆச்சே?" என்று ஆசிரியரும் கேட்டார். மாருதியின் வெயிட்டேஜ் அப்போது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. பார்க்க வேண்டியது சந்தை மதிப்பை. பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது அது.

அதுவும் முழுச் சந்தை மதிப்பு அல்ல. 2009 ஜூனிலிருந்து நிஃப்டி ஃப்ரீ ஃப்ளோட் முறையில் கணக்கிடப்படுகிறது. சென்செக்ஸ் 2003லேயே அதற்கு மாறிவிட்டது. கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டர் கையில் பூட்டிக் கிடக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கி விற்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இதன் விளைவு டிசிஎஸ்ஸில் பளிச்சென்று தெரியும். அந்த ஜனவரியில் டிசிஎஸ்ஸின் முழுச் சந்தை மதிப்பு சுமார் 14 லட்சம் கோடி. எச்டிஎஃப்சி வங்கியைவிட அதிகம். ஆனால் டிசிஎஸ்ஸில் சுமார் 72 சதவீதம் டாடா சன்ஸ் கையில் இருக்கிறது. கணக்கில் சேர்வது 28 சதவீதம்தான். எச்டிஎஃப்சி வங்கிக்குப் புரமோட்டரே கிடையாது, மொத்தமும் சேரும். அதனால் பெரிய கம்பெனியான டிசிஎஸ்ஸின் வெயிட்டேஜ் சுமார் நாலு சதவீதம், வங்கியுடையது பதின்மூன்று. 2023 ஜூலையில் தாய்க் கம்பெனியான எச்டிஎஃப்சி அந்த வங்கியோடு இணைந்தது. இரண்டு பங்குகளாக நிஃப்டியில் இருந்த பலம் ஒரே பங்கில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த வெயிட்டேஜ் தினமும் தானாக நகரும் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று சரிவுக்குப் பிறகு வங்கியின் குவியல் 2,620 புள்ளிக்கு வந்தது. நிஃப்டியோ 21,572. வகுத்துப் பார்த்தால் 12.1 சதவீதம் வரும். யாரும் உட்கார்ந்து மாற்றவில்லை, விலை இறங்கியதும் பலமும் இறங்கியது. ஏறும் பங்குக்கு இதுவே எதிர்த் திசையில் நடக்கும். "அப்படின்னா ஏறுற பங்கை இன்டெக்ஸ் ஃபண்ட் இன்னும் இன்னும் வாங்கிக்கிட்டே இருக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வாங்காது. கையில் இருக்கும் பங்குகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, அவற்றின் மதிப்புதான் உயர்கிறது. பட்டியலில் ஒரு கம்பெனி போய் இன்னொன்று வரும்போதும், ஃப்ரீ ஃப்ளோட் மாறும்போதும்தான் ஃபண்ட் வாங்கி விற்க வேண்டியிருக்கும்.

ஆசிரியருடைய உண்மையான சிக்கல் நிஃப்டியின் 460 புள்ளி அல்ல. அவர் பணத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: ஒரு நிஃப்டி ஃபண்ட், ஒரு சென்செக்ஸ் ஃபண்ட், ஒரு பேங்க் நிஃப்டி ஃபண்ட். பிரித்துப் போட்டால் பத்திரம் என்ற நம்பிக்கை. வேறு இடங்களில் அவராகவே வாங்கியதால் அதுவரை நான் இதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். நிஃப்டி ஃபண்டில் அந்த வங்கிக்குச் சுமார் 13,000, சென்செக்ஸில் 15,000, பேங்க் நிஃப்டியில் 28,000. மூன்று லட்சத்தில் ஏறக்குறைய 56,000 ரூபாய் ஒரே பங்கில். அன்று நிஃப்டி 2.1 சதவீதம், சென்செக்ஸ் 2.2, பேங்க் நிஃப்டி 4.3 சதவீதம் இறங்கின. மூன்றிலும் சேர்ந்து 8,600 ரூபாய் நஷ்டம். அதில் 4,760 ரூபாய் அந்த ஒரு வங்கியால். மூன்று ஃபண்டுக்குள்ளும் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தார்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். என்எஸ்இ இன்டைசஸ் தளத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மாதாமாதம் ஃபேக்ட்ஷீட் வெளியாகிறது. முதல் பத்துப் பங்குகளின் வெயிட்டேஜ் அதிலேயே இருக்கும். மாதக் கடைசி நிலவரம் என்பதால் நீங்கள் பார்க்கும் நாளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தோராயக் கணக்குக்கு அது போதும். சந்தை பெரிதாக ஆடிய நாளில் நிஃப்டி 50 பக்கத்திலேயே நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் குறியீட்டையும் பாருங்கள். அதே ஐம்பது பங்குகள், சமமான எடை. இரண்டும் ஒரே அளவு விழுந்தால் பரவலான சரிவு. நிஃப்டி மட்டும் அதிகம் விழுந்தால் கனமான ஓரிரு பங்குகளின் வேலை. நிஃப்டி ஏறிய நாளில் உங்கள் பங்குகள் மட்டும் இறங்கிக் கிடக்கும் புதிருக்கும் பெரும்பாலும் இதே ஒப்பீட்டில் விடை கிடைக்கும்.

அதற்காக ஈக்வல் வெயிட் ஃபண்டுக்கு மாறுங்கள் என்று நான் சொல்வதில்லை. எடையைச் சமமாக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறியதை விற்று இறங்கியதை வாங்க வேண்டும், அதற்குச் செலவு உண்டு. பட்டியலின் அடியில் இருக்கும் கம்பெனிகளுக்கும் அதில் பெரிய பங்கு போகும்.

ஆசிரியர் சென்செக்ஸ், பேங்க் நிஃப்டி இரண்டிலும் எஸ்ஐபியை நிறுத்தினார். நிஃப்டி ஃபண்டை வைத்துக்கொண்டார். போட்ட பணத்தை அன்றே எடுக்க வேண்டாம் என்றேன், எடுக்கவில்லை. இப்போதெல்லாம் மாதம் பிறந்ததும் ஃபேக்ட்ஷீட்டைப் பார்த்து முதல் பத்துப் பெயர்களை டைரியில் எழுதி வைக்கிறார். சரிவு நாளில் போன் வந்தால், எந்தப் பங்கு எத்தனை புள்ளி என்று அவரே சொல்லிவிட்டுத்தான் என்னிடம் சரிபார்க்கிறார்.