தேடலில் வருகை சரிந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு இழந்தது என்று பாருங்கள்

ஒரு வலைத்தளத்துக்குக் கூகுள் தேடல் வழியாக வருகிறவர்களின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் 40 சதவீதம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சீசன் முடிந்து மக்கள் தேடுவதையே குறைத்திருக்கலாம், தளத்தில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு இருக்கலாம், அல்லது உள்ளடக்கத்தின் தரத்தைக் கூகுள் முன்பைவிடக் குறைவாக மதிப்பிட்டிருக்கலாம். மொத்த எண்ணிக்கையின் வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எது என்று தெரியாது. மூன்றுமே அதில் ஒரு சரிவாகத்தான் தெரியும்.

முதலில், சரிவு உண்மைதானா என்று பார்த்துவிட வேண்டும். வருகையை எண்ணும் ஸ்கிரிப்ட் சில பக்கங்களிலிருந்து கழன்று விழுந்தாலும் அனலிட்டிக்ஸில் இதே சரிவு தெரியும். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோல் அந்த ஸ்கிரிப்டை நம்பியில்லை. தேடல் பக்கத்தில் விழுந்த கிளிக்குகளை நேரடியாக எண்ணுகிறது. அங்கே கிளிக் குறையவில்லை என்றால் பிரச்சினை எண்ணும் கருவியில். குறைந்திருந்தால் மேலே போகலாம்.

பலரும் அடுத்து ‘சராசரி இடம்’ என்ற எண்ணைத்தான் பார்ப்பார்கள். இடம் மாறாமல் இம்ப்ரெஷன், அதாவது முடிவுகளில் பக்கம் தோன்றிய தடவைகள் மட்டும் குறைந்திருந்தால் சீசன், இடமே இறங்கியிருந்தால் தரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. பாதி உண்மை. சராசரி இடம் என்பது உங்கள் பக்கம் முடிவுகளில் தோன்றிய தேடல்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஒரு பக்கம் கூகுளின் தேடல் பட்டியலான இண்டெக்ஸிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டால் அது எங்கும் தோன்றாது, அதனால் சராசரியைக் கெடுக்கவும் செய்யாது. ஆக, நூறு பக்கங்கள் காணாமல் போன தளத்திலும் சராசரி இடம் அப்படியே இருக்கலாம். சில சமயம் முன்னேறியதுபோலக்கூடத் தெரியும். சீசனும் தொழில்நுட்பக் கோளாறும் இந்த எண்ணில் ஒரே முகத்தோடு வரும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது, இழப்பு பக்கங்களுக்கிடையே எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான். சீசனில் ஒரே வகைப் பக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறையும். தொழில்நுட்பக் கோளாறில் சில பக்கங்கள் பூஜ்யத்துக்குப் போகும், மற்றவை அப்படியே நிற்கும். தரப் பிரச்சினையில் பக்கங்கள் மறையாது. பல தேடல்களில் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக் கணிதம் சொல்லித்தரும் ஒரு கற்பனைத் தளம். வாரத்துக்கு 12,000 கிளிக் வந்தது, இப்போது 7,200. பள்ளி விடுமுறை தொடங்கிய நேரம் என்பதால் ‘சீசன்தான்’ என்று விட்டுவிடத் தோன்றும். கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பதால் போன வருடத்தோடு ஒப்பிட முடியும். இங்கே 365 நாள் பின்னால் போகாமல் 364 நாள் போக வேண்டும். அப்போதுதான் திங்களுக்கு நேராகத் திங்கள் வரும். விடுமுறைத் தேதி மாறியிருந்தால் அதையும் சரிக்கட்ட வேண்டும். போன வருடம் இதே கட்டத்தில் சரிவு 25 சதவீதம். அப்படியானால் இந்த வருடம் 9,000 கிளிக்காவது இருக்க வேண்டும். 1,800 இடிக்கிறது.

இப்போது தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறோம். பாடப் பக்கங்கள் 8,000-லிருந்து 5,950 ஆகியிருக்கின்றன. 25 சதவீதச் சரிவுக்கு 6,000 வர வேண்டும், சரியாகத்தான் இருக்கிறது. பயிற்சித்தாள் பக்கங்கள் 4,000-லிருந்து 1,250 ஆகிவிட்டன. 3,000 இருந்திருக்க வேண்டும். காணாமல் போன 1,800-இல் 1,750 இங்கேதான்.

அந்தப் பகுதியின் 200 பக்கங்களையும் வரிசையாகப் பார்த்தால் 60 பக்கங்களில் கிளிக்கும் இல்லை, இம்ப்ரெஷனும் இல்லை. மீதி 140-உம் கால்வாசி மட்டும் குறைந்திருக்கின்றன. அந்த 60-உம் தளத்தில் நன்றாகப் படிக்கப்படும் பக்கங்கள். தரம்தான் காரணம் என்றால், நல்ல பக்கங்களை மட்டும் கூகுள் இப்படிச் சுத்தமாகத் துடைத்து எடுக்காது. முன்பு மூன்றாவதாக வந்தது இப்போது ஒன்பதாவதாக வரும், அவ்வளவுதான்.

60-இல் ஒன்றைக் கன்சோலின் யூ.ஆர்.எல். பரிசோதனையில் கொடுத்தால், இண்டெக்ஸில் சேர்க்காதே என்று சொல்லும் `noindex` கட்டளை இருப்பதால் சேர்க்கப்படவில்லை என்கிறது. பக்கத்தின் மூலக் குறியீட்டில் தேடினால் அப்படி ஒரு வரியே இல்லை! இங்கேதான் பலர் குழம்பிப்போவார்கள். அந்தக் கட்டளை பக்கத்துக்குள் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் ஹெடரிலும் வரலாம். ஹெடரை மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்:

```
curl -I https://example.com/worksheets/fractions
```

பதிலில் இந்த வரி இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்:

```
X-Robots-Tag: noindex
```

சோதனைத் தளத்துக்காகப் போட்ட அமைப்பு, புதிய பதிப்போடு சேர்ந்து உண்மையான தளத்துக்கும் வந்துவிடுவது இப்படி நடக்க ஒரு சாதாரண வழி. சரி, 200-க்கும் அதே ஹெடர் போகிறது என்றால் 60 மட்டும் ஏன் விழுந்தன? கூகுள் ஒரு பக்கத்தை மறுபடி வந்து படிக்கும்போதுதான் அந்தக் கட்டளையைப் பார்க்கும். அதிகம் தேடப்படும் பக்கங்களுக்கு அடிக்கடி வரும், மற்றவற்றுக்கு வாரக்கணக்கில்கூட வராமல் இருக்கும். அதனால்தான் கோளாறு ஒரே நாளில் நடந்தாலும் சரிவு படிப்படியாக நடந்து, சீசன்போலவே வேஷம் போடுகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் மீதி 140-உம் ஒவ்வொன்றாகப் போகும்.

தரப் பிரச்சினையை உறுதிப்படுத்துவது இந்த அளவுக்குச் சுலபமில்லை, ஏனென்றால் கையில் சிக்குகிற ஒரு ஹெடர் அங்கே கிடையாது. தேதிதான் முதல் தடயம். கூகுள் தன் பெரிய மதிப்பீட்டு மாற்றங்களை, அதாவது கோர் அப்டேட்களை, தொடங்கிய நாளும் முடிந்த நாளும் போட்டு அறிவிக்கிறது. 2024 மார்ச் 5-இல் தொடங்கியது ஏப்ரல் 19-இல்தான் முடிந்தது. நடுவில் எடுக்கும் அளவீடு எதற்கும் உதவாது. முடிந்து ஒரு வாரமாவது ஆன பிறகு, தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது பக்கங்களின் சராசரியை விட்டுவிட்டு, தனித்தனித் தேடல் சொற்களின் இடத்தைப் பாருங்கள். 2-லிருந்து 4-க்குப் போனது பெரிய விஷயமில்லை. நான்காவதாக இருந்தவை வரிசையாக முப்பதுக்குப் பக்கத்தில் கிடந்தால், தளத்தைப் பற்றிய கூகுளின் கணிப்பே மாறியிருக்கிறது.

நம் கணிதத் தளத்தில் பாடப் பக்கங்களின் தேடல் சொற்கள் நகரவில்லை, அதனால் அந்தச் சந்தேகம் விலகுகிறது. ஹெடரை எடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி: கூகுள் எந்தப் பக்கங்களைத் திறக்கக் கூடாது என்று சொல்லும் `robots.txt` கோப்பில் அவசரத்தில் எதையும் தடுத்துவைத்திருந்தால் அதையும் நீக்க வேண்டும். தடை இருந்தால் கூகுளால் பக்கத்தைத் திறக்கவே முடியாது, கட்டளை போய்விட்டது என்பதும் அதற்குத் தெரியாது. தடையும் இல்லையென்றால், 60 பக்கங்களும் கூகுள் மறுபடி வந்து படிக்கும் வரிசையில் திரும்பத் தொடங்கும். திரும்பியவை பழைய இடத்துக்கு வருகின்றனவா என்று தேடல் சொல் அளவில் சில வாரங்கள் பார்க்க வேண்டும். இடம் திரும்பியும் கிளிக் கால்வாசி குறைவாகவே நின்றால் அது விடுமுறையின் பங்கு.