கடனோடு ஒட்டி வந்த இன்சூரன்ஸ்: 'ரத்து செய்யுங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

தெரிந்த அக்கா ஒருவர் வங்கிக் கணக்கு விவரத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் தையல் வேலை செய்பவர். 2025 ஜனவரியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் ஒன்றரை லட்சம் கடன் வாங்கியிருந்தார். 36 மாதத் தவணை, மாதம் 5,575 ரூபாய். அது ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி போகும், அதில் சந்தேகமில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து 299 ரூபாய் தனியாகப் போயிருந்தது. பதினொரு மாதமாக, ஒரு மாதம்கூட விடாமல்.

"எஸ்எம்எஸ் சார்ஜ்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி" என்றார்.

எஸ்எம்எஸ் கட்டணம் இவ்வளவு வராது. பிரதமர் பெயரில் உள்ள காப்பீட்டுத் திட்டங்களும் இல்லை. அவற்றுக்கு வருடத்துக்கு ஒரு முறைதான், 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிப்பார்கள். இந்த வரியின் தொடக்கத்தில் ACH D- என்று இருந்தது, பின்னால் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர். அதாவது தவணைக்காக அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே தானியங்கிப் பிடித்தத்துக்கான அனுமதியை வைத்துத்தான் இதையும் எடுத்திருக்கிறார்கள். அந்த அனுமதிப் படிவத்தில் தவணைத் தொகை இருக்கவில்லை, 'அதிகபட்சம் 12,000' என்று இருந்தது. தவணை போக மீதி இடம் அவர்கள் கையில்.

நிறுவனத்தின் ஆப்பில் தேடிப் பார்த்தபோது ஒரு காப்பீட்டுச் சான்றிதழ் கிடைத்தது. குரூப் பாலிசி. பாலிசியின் உரிமையாளர் கடன் நிறுவனம், அக்கா அதில் ஓர் உறுப்பினர். மருத்துவமனையில் சேர்ந்தால் ஒரு நாளுக்கு இவ்வளவு, வேலை போனால் மூன்று தவணை கட்டுவோம் என்று போட்டிருந்தது. வேலை இழப்புப் பகுதியின் நிபந்தனையைப் படித்தால், மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும்தான். சொந்தமாகத் தைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு அந்தப் பணம் எந்தக் காலத்திலும் கிடைக்காது. 'எனக்கு எந்த நாள்பட்ட நோயும் இல்லை' என்ற உறுதிமொழியும் அவர் பெயரில் இருந்தது. அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால் இந்த ஒரு வரியைக் காட்டியே கிளைமை மறுத்துவிட முடியும்.

299 ரூபாய்தானே என்று தோன்றும். 36 மாதத்துக்கு 10,764 ரூபாய். அக்காவின் கடனுக்கு வட்டி 20 சதவீதம். இந்த 299-ஐயும் தவணையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் வருட வட்டி கிட்டத்தட்ட 24 சதவீதமாகிறது. கடன் வாங்கும் நாளில் இந்த எண்ணைச் சொல்லியிருந்தால் வேறு இடத்தில் விசாரித்திருப்பேன் என்றார் அவர்.

இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு, வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்தத் தாளில் கட்டணங்களுக்கான கட்டத்தில் இன்சூரன்ஸுக்கென்றே ஒரு வரி உண்டு. ஒரே தடவையா, தொடர்ந்து பிடிப்பதா என்றும் குறிப்பிட வேண்டும். இன்சூரன்ஸ் தொகையையும் சேர்த்துத்தான் உண்மையான வருட வட்டியைக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலாக ஒரு வரி இருக்கிறது: தாளில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும், கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், கடன் முடியும்வரை எந்தக் கட்டத்திலும் வசூலிக்கக் கூடாது.

அக்காவின் தாளில் இன்சூரன்ஸ் வரிக்கு எதிரே பூஜ்யம் இருந்தது. முதல் வேலையாக உங்கள் தாளை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். தாள் கையில் இல்லையென்றால் கடன் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் கிளைக்குப் போனால் வெறும் வாய்ப்பேச்சாகத்தான் முடியும்.

அக்கா அது தெரியாமல் ஏற்கெனவே கிளைக்குப் போய் வந்திருந்தார். கிளையில் இருந்தவர், "மேடம், இது இன்சூரன்ஸ் கம்பெனி விஷயம், அவங்களைக் கேளுங்க" என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணுக்குப் பேசினால், "இது குரூப் பாலிசி, உங்க ஃபைனான்ஸ் கம்பெனி எழுதிக் கொடுத்தாத்தான் எடுக்க முடியும்" என்றார்கள். மறுபடி கிளை. இப்படி மூன்று நடை. ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் தையல் போயிற்று. இது இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பணத்தைப் பிடித்தது யார் என்பதுதான் கேள்வி. பிடித்தது கடன் நிறுவனம், அதனால் பதில் சொல்ல வேண்டியதும் அதுதான். புகாரை அவர்கள் பெயருக்கு எழுதி, ஒரு பிரதியை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அதே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவது நின்றுவிடும்.

நான்காவது நடையில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் காப்பீட்டை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.' நல்லவேளை, கையெழுத்துப் போடாமல் எடுத்து வந்துவிட்டார். நான் பார்த்த பலர் விழுந்தது இந்தப் படிவத்தில்தான். ரத்து செய்கிறேன் என்று எழுதினால், இதுவரை நீங்கள் விரும்பி வைத்திருந்தீர்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. அடுத்த மாதத்திலிருந்து நிறுத்துவார்கள். போன பணம் போனதுதான். நீங்கள் எழுத வேண்டியது வேறு: 'இந்தக் காப்பீட்டுக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை. விவரத் தாளில் இது இல்லை. சம்மதம் இருப்பதாகச் சொன்னால் ஆதாரத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் மாதத்திலிருந்து பிடித்த தொகை முழுவதையும் திருப்பிக் கொடுங்கள்.' இவ்வளவு போதும். கோபமாக இரண்டு பக்கம் எழுதினால் இந்த நாலு வரி அதில் தொலைந்துபோகும்.

அடுத்து அவர்கள் சொல்வது '30 நாள் தாண்டிவிட்டது' என்பது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம் என ஒரு விதி உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது தெரிந்து வாங்கியவருக்கு மனம் மாறினால் உதவும் விதி. கேட்காமல் தலையில் கட்டியதற்கு அந்தக் கெடு பொருந்தாது என்று எழுதுங்கள். அதோடு அந்த 30 நாள், சான்றிதழ் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு, எப்படி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். (முப்பது நாள் இன்னும் தாண்டவில்லை என்றால் வாதம் எதுவும் வேண்டாம், உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறு கழிவு போகப் பணம் வந்துவிடும்.)

அப்புறம் ஓடிபி. "நீங்கதானே மேடம் ஓடிபி சொன்னீங்க." அக்காவின் போனுக்கு ஓடிபி வந்தது உண்மைதான். கடன் வாங்கிய அன்று முகவர் அவருடைய போனைக் கையில் வாங்கி, வந்த எண்ணை அவரே போட்டுக்கொண்டார். இதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். எந்த ஓடிபி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்துக்கு, அந்தப் பக்கத்தில் இன்சூரன்ஸ் தொகை தெரிந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். அக்காவின் போனில் அன்றைய எஸ்எம்எஸ்கள் அழியாமல் இருந்தன. கடன் ஒப்பந்தத்துக்கான ஓடிபி ஒன்றுதான் வந்திருந்தது, இன்சூரன்ஸ் என்ற சொல்லே அதில் இல்லை. பழைய எஸ்எம்எஸ்களைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

அவசரப்பட்டுச் சிலர் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். வங்கிக்குப் போய் 'இந்தப் பிடித்தத்தை நிறுத்துங்கள்' என்று கேட்பது. இரண்டும் ஒரே அனுமதியில் போகிறது என்றால், 299-ஐ நிறுத்தப் போய்த் தவணையும் நின்றுவிடும். பிறகு பவுன்ஸ் கட்டணம், அபராதம், சிபில் மதிப்பெண் சரிவு. இன்சூரன்ஸுக்கு என்று தனி அனுமதி எண் இருந்தால் மட்டும் அதை நிறுத்தச் சொல்லலாம். அக்காவுக்கு ஒரே எண் என்பதால் அதைத் தொடவில்லை. புகார் நடக்கும்போது இன்னும் ஒரு 299 போகும். போகட்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

புகாரைக் கிளையில் வாயால் சொன்னதும், கஸ்டமர் கேருக்குப் பேசியதும் பின்னால் நிற்காது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்க வேண்டும். அவர்களுடைய இணையதளத்தில் அந்த முகவரி இருக்கும். அன்றிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 'நான் முடித்துத் தருகிறேன், ஆயிரம் கொடுங்கள்' என்று வருபவரிடம் ஏமாறாதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் சான்றிதழையே தர மறுத்தால் அதற்கு மட்டும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளம் இருக்கிறது.

அக்காவுக்கு 26-வது நாள் ஒரு போன் வந்தது. "நல்லெண்ணத்தில் இரண்டு மாதத் தொகை 598 ரூபாய் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்கிறோம் என்று ஒரு மெயில் மட்டும் போடுங்கள்." அந்த மெயிலைப் போட்டால் அதோடு கதை முடிந்தது. முழுத் தொகையும் கணக்கில் ஏறாமல் 'முழு திருப்தி', 'இறுதித் தீர்வு' என்று எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. அவர் மறுத்தார். 31-வது நாள் ஓம்புட்ஸ்மேனுக்குப் புகார் போனது. இணைத்தவை மூன்றே தாள்கள்: பூஜ்யம் போட்ட விவரத் தாள், 299 போன வரிகளைக் கோடிட்ட கணக்கு விவரம், நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்.

விசாரணை வரை போகவே இல்லை. மூன்று வாரத்தில் 3,588 ரூபாய் அவர் கணக்கில் ஏறியது. ஆரம்பத்தில் எண்ணிய பதினொரு மாதமும், புகார் நடக்கும்போது போன ஒரு மாதமும். இன்சூரன்ஸ் தொடக்க நாளிலிருந்தே செல்லாது என்று ஒரு கடிதமும் கேட்டு வாங்கினோம். அடுத்த மாதம் 7-ஆம் தேதி காலையிலேயே கணக்கைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். 5,575 மட்டும்தான் போயிருந்தது.