கையிருப்பில் இருந்த டாலர் யாருடையது?

2013 மே மாதம். டாலர் 55 ரூபாயை ஒட்டி இருந்தது. உள்ளூரில் மட்டும் நூல் விற்கும் ஒரு மில் உரிமையாளர், தன் ரூபாய்க் கடனில் ஒரு பகுதியை டாலர் கடனாக மாற்றித் தரும்படி நான் வேலை பார்த்த வங்கிக்கு வந்தார். பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஃபார்வர்ட் ஒப்பந்தம் எடுத்து விலையைப் பூட்டிக்கொள்ளச் சொன்னோம். "வட்டி பாதிதான் வருது சார். ஃபார்வர்ட் போட்டா மிச்சம் எல்லாம் அதுலயே போயிடும்" என்றார். கணக்கு சரிதான். நாங்களும் அழுத்திச் சொல்லவில்லை.

அந்த மாதமே, அமெரிக்க மத்திய வங்கி தன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. மே மாதத்தில் 5.5 கோடி ரூபாயாக இருந்த ஒரு மில்லியன் டாலர் கடன், ஆகஸ்டில் 6.8 கோடி. வட்டியில் வருடத்துக்கு 25 லட்சம் போல மிச்சம் பிடிக்கப் பார்த்தவருக்கு மூன்று மாதத்தில் ஏட்டில் 1.3 கோடி இழப்பு. அவருக்கு வேறு கடன் அதிகம் இல்லாததால் தாக்குப்பிடித்தார்.

ஒரு நாட்டின் வங்கிகளும் கம்பெனிகளும் சேர்ந்து இதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 1997இல் தாய்லாந்தில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கே பாட் நாணயத்தின் மதிப்பு பல ஆண்டுகளாக டாலருக்கு 25 என்ற அளவிலேயே கட்டி வைக்கப்பட்டிருந்தது. உள்ளூரில் பாட் கடனுக்கு வட்டி 13 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. வெளிநாட்டில் டாலருக்கு ஏறக்குறைய அதில் பாதி. 1993இல் அரசு, வெளிநாட்டில் டாலர் வாங்கி உள்நாட்டில் கடன் கொடுக்க வங்கிகளுக்கு ஒரு தனி வழியைத் திறந்துவிட்டது. பாங்காக் சர்வதேச வங்கி வசதி என்று அதற்குப் பெயர். பணம் கொட்டியது. அதில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய குறுகிய காலக் கடன். போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, பாங்காக்கின் அடுக்குமாடிக் கட்டடங்கள்.

வங்கித் தொழிலில் இருக்கும் எவரும் கவனிக்க வேண்டிய இடம் இது. பல தாய்லாந்து வங்கிகளின் ஏட்டில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. டாலரில் கடன் வாங்கின, வாடிக்கையாளருக்கும் டாலரிலேயே கடன் கொடுத்தன. இரண்டு பக்கமும் டாலர், கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அந்த டாலரை வாங்கிய பில்டர் வீடு விற்பது பாட்டில். பாட் சரிந்தால் அவரால் கட்ட முடியாது. அவர் கட்டாவிட்டால் வங்கியின் டாலர் வரவு வெறும் காகிதம். நாணய ஆபத்து வங்கியை விட்டுப் போகவில்லை. வாராக்கடன் என்ற வேறு பெயரில் வாசலில் காத்திருந்தது, அவ்வளவுதான்.

1995, 1996 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 8 விழுக்காடு அளவு. வெளிநாட்டுக்குக் கொடுப்பது வருவதைவிட அவ்வளவு அதிகம், அந்த இடைவெளியைப் புதுக்கடன்தான் நிரப்பியது. 1996இல் ஏற்றுமதி வளர்ச்சி படுத்துவிட்டது. 1997 பிப்ரவரியில் சொம்பிரசாங் லேண்ட் என்ற கட்டுமான நிறுவனம் வெளிநாட்டுக் கடன் தவணையைக் கட்டத் தவறியது. கடன் கொடுத்தவர்கள் தவணை முடிந்ததும் புதுப்பிக்காமல் பணத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். குறுகிய காலக் கடனில் இதுதான் வசதி. யாரும் ஓடத் தேவையில்லை, 'இந்தத் தடவை ரோல் ஓவர் வேண்டாம்' என்று சொன்னால் போதும்.

தாய்லாந்தின் மத்திய வங்கி இங்கே இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது. பாட்டைக் காப்பாற்ற வட்டியை ஏற்றினால், ஏற்கெனவே தள்ளாடும் பைனான்ஸ் கம்பெனிகள் விழும். அவற்றைக் காப்பாற்ற மத்திய வங்கியின் கீழ் இருந்த நிதியிலிருந்து பாட் கடன் கொடுத்தால், அந்தப் பாட்டே சுற்றிவந்து டாலராக மாறி வெளியேறும். நாணய நெருக்கடியும் வங்கி நெருக்கடியும் ஒன்றையொன்று ஊதிப் பெரிதாக்குவது இப்படித்தான்.

1997 மே மாதம் பாட் மீது பெரிய தாக்குதல் வந்தபோது மத்திய வங்கி டாலரை விற்றுத் தள்ளியது. கையிருப்பு குறைவது வெளியே தெரிந்தால் பயம் கூடும் என்பதால், ஸ்வாப் போட்டது. அதாவது இன்று டாலரை வாங்கிக்கொண்டு, சில மாதம் கழித்துத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுப்பது. இன்றைய கையிருப்புக் கணக்கில் அந்த டாலர் இருக்கும். திருப்பித் தர வேண்டிய கடமை மட்டும் அந்த எண்ணில் இருக்காது. ஜூன் இறுதியில் காட்டப்பட்ட கையிருப்பு சுமார் 32 பில்லியன் டாலர். ஆகஸ்டில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவியை ஒட்டி உண்மையை வெளியிட வேண்டிவந்தபோது, 23.4 பில்லியன் டாலர் முன்கூட்டியே வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அடகுக் கடையில் மீட்க வேண்டிய நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன கதை.

ஜூன் 27 அன்று 16 பைனான்ஸ் கம்பெனிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஜூன் 30 அன்று பிரதமர் சவலித் தொலைக்காட்சியில் பாட் மதிப்பைக் குறைக்க மாட்டோம் என்றார். ஜூலை 2 அன்று, பாட்டை டாலரோடு கட்டி வைத்திருந்த கட்டை அவிழ்த்துவிட்டார்கள். 1998 ஜனவரியில் டாலர் 50 பாட்டைத் தாண்டிப் போனது. ஒரு மில்லியன் டாலர் வாங்கிய பில்டரின் கடன் 2.5 கோடி பாட்டிலிருந்து 5 கோடிக்கும் மேல்; கட்டிய வீட்டை வாங்கவோ ஆளில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட கம்பெனிகள் ஆகஸ்டில் 58 ஆயின. டிசம்பரில் அவற்றில் 56 நிரந்தரமாக மூடப்பட்டன. பாங்காக்கில் பாதியில் நின்ற சாத்தோர்ன் யூனிக் கோபுரம் அந்தக் காலத்து மிச்சம்.

1998இல் தாய்லாந்தின் நடப்புக் கணக்கு பெரிய உபரியில் இருந்தது, மொத்த உற்பத்தியில் 12 விழுக்காட்டுக்கு மேல். உபரி என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கடன் கொடுக்க ஆளில்லாததால் இறக்குமதி பெருமளவு சுருங்கிப்போனதன் அடையாளம் அது. இரண்டே ஆண்டுகளில் 20 விழுக்காடு திருப்பம். திடீர் நிறுத்தம் என்று பொருளாதார நிபுணர்கள் சொல்வது, இந்தத் திருப்பத்துக்குக் காரணமான, வெளிநாட்டுப் பணவரவு சட்டென்று நின்றுபோவதைத்தான்.

முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு. நான் முதலில் பார்ப்பது, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடனைவிடக் கையிருப்பு அதிகமா என்பதை. 1996 முடிவிலேயே தாய்லாந்து இந்தச் சோதனையில் தோற்றிருந்தது. ஆனாலும் 1996 முழுக்கப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆக, விழுந்தால் எவ்வளவு ஆழம் என்பதை இந்த எண் சொல்லும், எந்த மாதம் என்பதைச் சொல்லாது.

அப்புறம், மத்திய வங்கி பின்னால் டாலர் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கும் அந்த ஃபார்வர்ட் கணக்கு. தாய்லாந்து அனுபவத்துக்குப் பின், மத்திய வங்கிகள் தங்கள் முன்பேரக் கடமைகளையும் வெளியிட 1999இல் நாணய நிதியம் ஒரு படிவத்தை வகுத்தது. நம் ரிசர்வ் வங்கியின் மாத இதழில், டாலர் வாங்கல்-விற்றல் அட்டவணையில் நிகர ஃபார்வர்ட் நிலுவை என்று ஒரு வரி இருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதம் பிந்தி வரும். வெள்ளிக்கிழமைதோறும் செய்தியில் வரும் கையிருப்பு எண்ணோடு அந்த வரியையும் சேர்த்தே படிப்பது என் பழக்கம்.