மேண்டேட்: வங்கித் திரையில் வரும் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன?

ஒரு செயலியில் சந்தா கட்டப் போகிறோம். யுபிஐ-யைத் தேர்ந்தெடுத்ததும், வழக்கமாகப் பணம் அனுப்பும் திரைக்குப் பதிலாக ‘ஆட்டோபே மேண்டேட்’ என்று தலைப்பிட்ட வேறொரு திரை வருகிறது. தொகை, தேதிகள், ஒரு நீளமான யுபிஐ முகவரி, கீழே ஒரு பெரிய பொத்தான். பின் எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது. பணம் கட்டிவிட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது பணம் கட்டுவது அல்ல, பணம் எடுக்க இன்னொருவருக்கு அனுமதி கொடுப்பது.

மேண்டேட்டின் மூலம் லத்தீன் மொழியின் ‘மாண்டாட்டும்’. கை என்று பொருள்படும் ‘மானுஸ்’, கொடு என்று பொருள்படும் ‘தாரே’ இரண்டும் சேர்ந்து வந்தது என்று சொல்வார்கள். கையில் ஒப்படைத்தல். பழைய ரோமானியச் சட்டத்தில் அது ஓர் ஒப்பந்தத்தின் பெயரும் கூட. ஒருவர் தன் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பார், அவர் கூலி வாங்காமல் செய்து தருவார். ஒப்படைத்தவர் விரும்பினால் அதைத் திரும்பப் பெறலாம். பின்னாளில் ஆங்கிலத்தில் கட்டளை என்ற பொருளும், தேர்தலில் மக்கள் தரும் அதிகாரம் என்ற பொருளும் ஏறின. நாம் ‘மக்கள் ஆணை’ என்று எழுதுவது அந்த இரண்டாம் வழியில் வந்ததுதான்.

அதனால்தான் வங்கி மேண்டேட்டையும் பலர் ‘ஆணை’ என்றே பெயர்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆணை என்றாலே தமிழ்க் காதில் மேலிருந்து கீழே வருவது: அரசாணை, நீதிமன்ற ஆணை. ஆட்டோபேயில் ஆணை வந்தது போலத் தெரிந்தால், அது நிறுவனத்திடமிருந்து நமக்கு வந்தது, மறுக்க முடியாதது என்று தோன்றிவிடும். நடப்பது நேர்மாறு. ‘நிலை அறிவுறுத்தல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். நம் வங்கிக்கு நாமே ‘மாதாமாதம் இன்னாருக்கு இவ்வளவு அனுப்பிவிடு’ என்று சொல்லிவைப்பதற்கு அது பொருந்தும். மேண்டேட்டில் தொகையைக் கேட்டு வருவது பணம் வாங்குபவர்.

டெபிட் என்பதற்கு நம்மிடம் ‘பற்று’ ஏற்கெனவே இருக்கிறது, பற்று வரவு எழுதாத மளிகைக் கடை உண்டா? ஆகவே மேண்டேட்டுக்குப் ‘பற்று அனுமதி’, ஆட்டோபேக்குத் ‘தொடர் பற்று அனுமதி’ என்பதே என் தேர்வு. கடைப் பற்று நோட்டு நம் வீட்டிலேயே இருக்கும். கடைக்காரர் எழுதியதை மாதக் கடைசியில் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்போம். இங்கே கடைக்காரரே நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார், எந்த வரம்புக்குள் எடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் அந்தத் திரை.

சீட்டை எப்படி வாசிப்பது? யுபிஐ ஆட்டோபேயை, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ 2020 ஜூலையில் கொண்டுவந்தது. இன்றைக்கு அதிகம் கண்ணில் படுவதும் அதுவே என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். விளம்பரத்தில் ‘7 நாள் வெறும் ₹1, பிறகு மாதம் ₹199’ என்று போட்டிருக்கும் ஓர் உடற்பயிற்சிச் செயலி என்று வைத்துக்கொள்ளுங்கள், கற்பனைச் செயலிதான். மேண்டேட் திரையில் மேலே ஒரு பெயரும் யுபிஐ முகவரியும், அவற்றின் கீழே இருப்பது இவ்வளவு:

```
Amount:     Up to ₹1,499.00
Frequency:  As presented
Start:      05 Mar 2026
End:        05 Mar 2046
```

விளம்பரத்தில் சொன்ன ₹199 இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வங்கிக்கு விளம்பரம் தெரியாது. வாங்குபவர் தொகை கேட்டு வரும்போது மேண்டேட் உயிரோடு இருக்கிறதா, கேட்ட தொகை வரம்புக்குள் இருக்கிறதா, கேட்கும் நாள் ஒப்புக்கொண்ட இடைவெளிக்குப் பொருந்துகிறதா என்பவற்றைத்தான் அமைப்பு பார்க்கும். ‘₹199 என்று சொன்னார்களே’ என்பது நமக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு.

`Up to` என்றால் அந்தத் தொகை வரை. இந்த வரம்பு ஒவ்வொரு முறைக்குமானது, மொத்தத்துக்கு அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த இடத்தில் குறிப்பிட்ட ஒரு தொகை மட்டும் இருந்து `Up to` இல்லாமல் இருந்தால், அதே தொகையைத்தான் எடுக்க முடியும், கூடவும் முடியாது. மின்கட்டணம் போல மாதம் தோறும் மாறும் பில்லுக்கு உச்சவரம்பு வைப்பதில் நியாயம் உண்டு. விலை மாறாத சந்தாவுக்கு ஏழு மடங்கு வரம்பு எதற்கு? பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவுக்கு மாற்றும் வசதிக்காகவோ, பின்னால் விலை ஏற்றும்போது மறுபடி பின் எண் கேட்காமல் இருக்கவோ. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மாறும் தொகைக்கான உச்சவரம்பைக் குறிப்பது வாடிக்கையாளர்தான். திரையில் அது ஏற்கெனவே நிரப்பப்பட்டுத்தான் வருகிறது, சில செயலிகளில் திருத்தவும் முடியாது. அப்போது மறுக்கும் உரிமை மட்டுமே மிச்சம்.

அடுத்தது `Frequency`. அது `Monthly` என்றிருந்தால் கணக்குப் போடலாம்: ஆண்டுக்கு அதிகபட்சம் ₹1,499-ஐ 12-ஆல் பெருக்கினால் ₹17,988. நம் சீட்டில் இருப்பது `As presented`. வாங்குபவர் எப்போது கேட்டு வருகிறாரோ அப்போது என்று பொருள். இதில் பெருக்குவதற்கு எண்ணே இல்லை. பயன்பாட்டுக்கேற்ப வசூலிக்கும் சேவைகளுக்கு இது தேவைப்படலாம். மாதச் சந்தாவில் இதைப் பார்த்தால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

முடிவுத் தேதி 2046. இருபது வருடம் யாரும் உடற்பயிற்சிச் செயலி பயன்படுத்தப் போவதில்லை, நிறுவனமே அதுவரை இருக்குமா தெரியாது. மேண்டேட் தானாகக் காலாவதியாகும் நாள் அது என்பதால், அதைத் தள்ளிப்போட்டால் நாமாக ரத்து செய்தால்தான் உண்டு.

யார் எடுக்கிறார்கள் என்பது மேலே இருக்கும் பெயரும் யுபிஐ முகவரியும். இங்கே செயலியின் பெயர் வராமல் அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயரோ, நடுவில் இருக்கும் பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் பெயரோ வரலாம். அதனாலேயே மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பெயரை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் கழித்து வங்கிக் குறுஞ்செய்தியில் வருவது அந்தப் பெயர்தான், அப்போது எந்தச் செயலி என்று நினைவுக்கு வராது.

இனி பணம் எடுக்கப்படும் விதம். முதல் முறை பின் எண் போட்டதோடு சரி. அதன்பின் ₹15,000 வரையிலான ஒவ்வொரு பற்றுக்கும் பின் எண் கேட்காது. காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்த வரம்பு ₹1 லட்சம். அதற்குப் பதிலாக இருக்கும் காவல், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வரவேண்டிய அறிவிப்பு. யார், எவ்வளவு, எப்போது எடுக்கப்போகிறார் என்று அதில் இருக்கும். ஃபாஸ்டேக் தானாக ரீசார்ஜ் ஆவதற்கு இந்த முன்னறிவிப்பு தேவையில்லை என்று 2024-ல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் உதாரணத்தில் ஏழாம் நாள் ‘நாளை ₹1,499’ என்று குறுஞ்செய்தி வந்தால் வரம்பு எதற்கு அப்படி இருந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதே நாளில் ரத்து செய்துவிட வேண்டும்.

ரத்து செய்ய, மேண்டேட் கொடுத்த அதே யுபிஐ செயலியைத் திறக்க வேண்டும். சுயவிவரப் பக்கத்தில் `Autopay` அல்லது `Mandates` என்ற பகுதி இருக்கும். அங்கே உயிரோடு இருப்பவை, நிறுத்தப்பட்டவை, முடிந்தவை என்று தனித்தனியாகப் பட்டியல். தேர்ந்தெடுத்து ரத்து கொடுத்துப் பின் எண் போட்டால் நிலை `Revoked` என்று மாறும், வங்கியிலிருந்தும் செய்தி வரும். சிறிது காலம் மட்டும் வேண்டாம் என்றால் `Pause` இருக்கிறது. அதை ரத்து என்று நினைத்துவிடக்கூடாது, குறித்த நாள் முடிந்ததும் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

செயலியைப் போனிலிருந்து நீக்கினால் மேண்டேட் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, அனுமதி இருப்பது வங்கிப் பக்கத்தில். செயலிக்குள் சந்தாவை ரத்து செய்தாலும் மேண்டேட் சில நேரம் அப்படியே கிடக்கும். மேண்டேட்டை மட்டும் ரத்து செய்தால் சந்தா நிலுவையில் நிற்கும், ‘கட்டணம் பாக்கி’ என்று அஞ்சல் வரும். முதலில் சேவையில் சந்தாவை நிறுத்தி, பிறகு மேண்டேட்டை ரத்து செய்வதே சரியான வரிசை. பணம் எடுக்கப்படும் நாள் மறுநாளே என்றால் வரிசையை மாற்றிவிடுங்கள்.

பட்டியலில் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அது யுபிஐ மேண்டேட்டாக இல்லாமல் இருக்கலாம். வங்கி அறிக்கையில் `ACH` அல்லது `NACH` என்று தொடங்கினால் அது கணக்கின் மேல் நேரடியாகப் பதிந்தது. அதற்கு `UMRN` என்ற 20 எழுத்து எண் உண்டு. யுபிஐ மேண்டேட்டின் எண் `UMN`, அது யுபிஐ முகவரி போல @ குறியும் அதன்பின் ஒரு பெயருமாக முடியும். நாச் மேண்டேட்டை இணைய வங்கியில் அல்லது கிளையில்தான் ரத்து செய்ய வேண்டும், கிளையில் கேட்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் வேலை சுலபம். கார்டில் பதிந்தது என்றால் கார்டு கொடுத்த வங்கியின் தளத்தில் தேட வேண்டும். வங்கி மறுத்தாலோ 30 நாளில் பதில் வராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் `cms.rbi.org.in` தளத்தில் புகார் செய்யலாம்.

கடன் தவணைக்குக் கொடுத்த நாச் மேண்டேட்டை ரத்து செய்யுமுன் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். அனுமதியைத் திரும்பப் பெறுவதால் கடன் குறையாது. பணமில்லாமல் தவணை திரும்பினால் வங்கிக் கட்டணமும் கடன் கொடுத்தவரின் அபராதமும் சேரும். காசோலை திரும்பியதற்கு இணையாக, 2007-ஆம் ஆண்டுப் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வழக்கும் வரலாம். வேறு வழியில் தவணை கட்ட ஏற்பாடு செய்து, கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே அந்த மேண்டேட்டைத் தொட வேண்டும்.