‘தாவர ஹார்மோன்’ என்று எழுதாதீர்கள்

ஃபைட்டோஈஸ்ட்ரோஜன் என்பதற்குத் ‘தாவர ஹார்மோன்’ என்று போடுவதை மாதவிடாய் நிற்கும் வயதுக்கான மூலிகை மாத்திரை டப்பாக்களிலும் அழகுக்குறிப்புப் பக்கங்களிலும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. போன மாதம் சித்தி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். அதன் துண்டுச்சீட்டிலும் அதே சொல்தான், கூடவே ‘ஹார்மோன் மாத்திரை அல்ல’ என்று ஒரு வரி. சித்திக்கு 53 வயது, மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து, மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையை இப்போது சாப்பிடுகிறார். அந்த மாத்திரையே உடம்பைக் குப்பென்று சூடாக்கி வேர்க்க வைக்கும், அதற்குத்தான் இந்த டப்பாவை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிரேக்கத்தில் ஃபைட்டான் என்றால் செடி. ஈஸ்ட்ரோஜனின் முன்பாதி ஓய்ஸ்ட்ரோஸ், அதாவது மாட்டைக் கடித்து வெறிகொண்டு ஓடவைக்கும் ஒருவகை ஈ. அதிலிருந்து வெறி, பிறகு விலங்குகளின் இணைவேட்கைக் காலம் என்று பொருள் நகர்ந்தது. ‘ஜென்’ என்றால் உண்டாக்குவது. செடியில் இருந்துகொண்டு, விலங்கின் உடம்பில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் பொருள், அவ்வளவுதான்.

இப்போது ‘தாவர ஹார்மோன்’. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டினால் அந்தப் பெயரில் ஆக்சின், ஜிப்ரல்லின், எத்திலின் வரும். செடியை வளர்ப்பதும் காயைப் பழுக்க வைப்பதும் அவை. சோயாவில் இருக்கும் ஃபைட்டோஈஸ்ட்ரோஜன்களான ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும் ஐசோஃபிளேவோன் என்ற வகை, அந்தக் கூட்டமே இல்லை. ஏற்கெனவே ஒரு பொருளுக்கு ஊன்றிப்போன சொல்லைத் தூக்கி இன்னொன்றுக்கு ஒட்டுவது சொல்லாக்கம் ஆகாது.

அதைவிடப் பெரிய குற்றம், இந்த மொழிபெயர்ப்பில் ‘ஈஸ்ட்ரோஜன்’ காணாமல் போகிறது. சித்தியிடம் மருத்துவர் சொன்னது “ஈஸ்ட்ரோஜன் உள்ள எதையும் கேட்காமல் சாப்பிடாதீர்கள்” என்பது. அந்த ஒரு சொல்லைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார். டப்பாவில் அது இருந்திருந்தால் கை தானாக நின்றிருக்கும். செடியின் சரக்கு மிருகத்தின் உடம்பில் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியா இருக்கிறது: 1940களில் அங்கே ஒருவகை குளோவர் தீவனத்தை மேய்ந்த பெண் ஆடுகள் சினைபிடிக்காமல் போயின, காரணம் அதிலிருந்த ஐசோஃபிளேவோன்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘பெண்மை இயக்குநீர்ப் போலி’ என்று எழுதலாமே என்றார். ‘போலி’ எனக்குப் பிடித்த சொல். இலக்கணத்தில் அது கள்ளச்சரக்கு இல்லை, ஓரெழுத்தின் இடத்தில் இன்னொன்று வந்து அதே வேலையைச் செய்வது. செல்லில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடமான ஏற்பியில் ஐசோஃபிளேவோன் போய் உட்காருவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. ஆனால் மருந்துக்கடையில் ‘போலி’ என்று படிப்பவர் டப்பாவையே சந்தேகப்படுவார். ‘பெண்மை’ என்ற மழுப்பலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே என் தீர்ப்பு ‘தாவர ஈஸ்ட்ரோஜன்’. பாதி கிரேக்கம்தான், இருக்கட்டும்.

சித்தியின் சீட்டில் இன்னொரு வேடிக்கை. ‘சோயா சாறு 100 மி.கி. (40% ஐசோஃபிளேவோன்)’. அப்படியென்றால் சரக்கு 40 மி.கி., 100 இல்லை. அதுவும் சர்க்கரை ஒட்டிய வடிவத்தின் எடையென்றால், குடலில் சர்க்கரை கழன்றபின் மிஞ்சுவது சுமார் 25 மி.கி. எந்த வடிவம் என்று எழுதாத டப்பாக்கள் இரண்டை ஒப்பிட்டுப் பயனில்லை. ‘சாறு’ என்பதும் ஏமாற்றும் சொல், கரும்புச்சாறு நினைவுக்கு வருகிறது. இது பிரித்தெடுத்துக் காயவைத்த பொடி. சாப்பாட்டில் வரும் மீல்மேக்கரையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசவே கூடாது.

சித்தியைப் போன்றவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. கருப்பைப் புற்றுநோய் வந்தவர்களும், கருப்பை உட்சுவர் தடித்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களும் அப்படித்தான். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது வேறு சங்கதி: சோயா அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும், இடைவெளியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மாத்திரையைக் குறைசொல்லிக் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும்.

சித்தி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் “இதில் சோயாவே இல்லை” என்று வேறொன்றை நீட்டினாராம், சீட்டில் ‘சிவப்பு கிராம்பு’. ஆங்கிலப் பெயரைப் பார்த்தால் குளோவர். அந்த ஆடுகள் மேய்ந்த செடிக்கு உறவுக்காரச் செடி, அதே ஐசோஃபிளேவோன் வகை. மொழிபெயர்த்தவருக்குக் குளோவரும் கிராம்பும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது, ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வித்தியாசம். நல்லவேளை, சித்திக்குக் கிராம்பு ஒத்துக்கொள்ளாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.